மடிக்கணினி விளையாட்டும் மின்கலச் சிக்கனமும்

மடிக்கணினியில் விளையாடுவோர் அனைவரும் அறிந்த குறை ஒன்று உண்டு. பாடக் குறிப்பு எழுதும்போது நான்கைந்து மணி நேரம் தாங்கும் பேட்டரி, விளையாட்டைத் திறந்தவுடன் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. விடுதி அறையில் நால்வருக்கு ஒரே மின்செருகி இருக்கும் நிலையில் இது சிறு குறையன்று. மாலையில் ஒரு மணி நேரம் விளையாடியவன் இரவில் ஆய்வுக்கூடப் பதிவேட்டை முடிக்க மின்சாரம் இன்றித் தவிக்க நேரிடுகிறது. பேட்டரி நெடுநேரம் வர வேண்டுமானால் படத்தின் தரத்தையும் ஓட்டத்தையும் பாதியாக வெட்டியே ஆக வேண்டும் என்பது நண்பர்கள் பலரின் எண்ணம். அது தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. நொடிக்கு அறுபது பிரேம் என்ற ஓட்டத்தைக் காத்துக்கொண்டே விளையாடும் நேரத்தை இரு மடங்குக்கு மேல் நீட்டலாம். அதற்கான வழியையும், அதன் பின்னுள்ள இயற்பியலையும், என் கணினியில் நான் எடுத்த அளவுகளைக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறேன்.

என் கணினி தனி வரைகலை அட்டை இல்லாத சாதாரண மடிக்கணினி. செயலிக்குள்ளேயே வரைகலைப் பகுதியும் அடங்கியிருக்கிறது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. இயங்குதளம் விண்டோஸ் 11. சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு மைன்கிராப்ட், ஜாவா பதிப்பு. பலரும் ஆடுவது என்பதோடு, அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வசதியாக இருப்பதும் அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

அளப்பது எப்படி?

எந்த அமைப்பையும் மாற்றுமுன் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அளவில்லாத சிக்கனம் வெறும் நம்பிக்கையே. கட்டளைச் சாளரத்தைத் திறந்து `powercfg /batteryreport` என்று தட்டச்சு செய்தால் `battery-report.html` என்ற கோப்பு உருவாகும். அதில் `DESIGN CAPACITY` என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட கொள்ளளவு. `FULL CHARGE CAPACITY` என்பது இன்று அதில் அடங்கக்கூடிய அளவு. என் பேட்டரிக்கு முன்னது 42,000 மில்லிவாட்-மணி, பின்னது 36,000. நாம் கணக்கிட வேண்டியது இரண்டாவதைக் கொண்டுதான்.

36,000 மில்லிவாட்-மணி என்றால் 36 வாட்-மணி. ஆகவே பேட்டரியில் ஒரு விழுக்காடு என்பது 0.36 வாட்-மணி. அரை மணி நேரம் விளையாடி எத்தனை விழுக்காடு இறங்கியது என்று குறித்துக்கொண்டால் கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, அரை மணியில் 20 விழுக்காடு இறங்கினால் 7.2 வாட்-மணி செலவு. ஒரு மணிக்கு அது 14.4 வாட்-மணி, அதாவது சராசரி 14.4 வாட்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பேட்டரி குறைந்த நிலைக்கு வந்தவுடன் விண்டோஸ் தானாகவே சிக்கன முறைக்கு மாறித் திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது எடுக்கும் அளவு முந்தைய அளவோடு ஒப்பிடத் தகாது. ஆகையால் ஒவ்வொரு சோதனையையும் 95 விழுக்காட்டில் தொடங்கி, அதே உலகில், அதே வழியாக நடந்து, அரை மணியில் முடித்தேன். விளையாட்டு ஏதுமின்றித் திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்துச் சும்மா விட்டபோது அரை மணியில் 8 விழுக்காடு இறங்கியது. அதாவது 5.8 வாட். முழு வெளிச்சத்தில் அது 11 விழுக்காடு, 7.9 வாட். இதை அடிச்செலவு என்று வைத்துக்கொள்வோம். பிறகு இது பயன்படும்.

திரை காட்டாத பிரேம்கள்

முதற் சோதனையில் எல்லாம் தாராளமாக இருந்தன. முழு வெளிச்சம், பிரேம் எல்லையாகிய `Max Framerate` என்பது `Unlimited`, `VSync` அணைந்த நிலை, காட்சித் தொலைவாகிய `Render Distance` 12. விளையாட்டில் `F3` விசையை அழுத்தினால் இடப்புற மேல் மூலையில் நொடிக்கு எத்தனை பிரேம் என்பது தெரியும். அது சராசரியாக 95 என்று காட்டியது. அரை மணியில் 40 விழுக்காடு இறங்கியது. அதாவது 28.8 வாட். முழுப் பேட்டரியும் 75 நிமிடமே தாங்கும்.

திரையோ நொடிக்கு 60 முறைதான் மாறுகிறது. செயலி 95 படங்களை வரைந்து கொடுத்தாலும் திரையால் 60 முறைக்கு மேல் புதிதாகக் காட்ட இயலாது. எஞ்சிய 35 படங்களின் துண்டுகள் சில சமயம் மற்றப் படங்களோடு ஒட்டிக்கொண்டு, காட்சி குறுக்கே கிழிந்தாற்போல் தோன்றும். அவ்வளவுதான் அவற்றால் கண்ட பயன். துப்பாக்கிச் சுடும் போட்டி விளையாட்டுகளில் மட்டும் மிகைப் பிரேம்களால் விசையழுத்தத்துக்கும் திரையில் தெரியும் விளைவுக்கும் இடையிலான தாமதம் சற்றுக் குறையும். கட்டடம் கட்டி விளையாடும் இவ்விளையாட்டில் அது பொருட்டன்று.

ஆகவே இரண்டாம் சோதனையில் `VSync` என்பதை இயக்கினேன். பிரேம் வீதம் 60-இல் நின்றது. அரை மணியில் இறங்கியது 29 விழுக்காடு. அதாவது 20.9 வாட். பேட்டரி 103 நிமிடம் வரும். காட்சியில் குறைந்தது எதுவுமில்லை. கிழிசல் நீங்கியதால் முன்னிலும் தெளிவு கூடியது.

இக்கணக்கு சரிதானா என்று சோதிக்க அடிச்செலவு உதவுகிறது. முதற் சோதனையின் 28.8 வாட்டில் முழு வெளிச்ச அடிச்செலவாகிய 7.9-ஐக் கழித்தால் விளையாட்டின் பங்கு 20.9 வாட். 95 பிரேமுக்கு 20.9 என்றால் 60 பிரேமுக்கு 13.2. அதனோடு அடிச்செலவைக் கூட்ட 21.1 வாட் வருகிறது. அளந்து கண்டது 20.9. ஆக, செலவு பிரேம்களின் எண்ணிக்கையோடு ஏறத்தாழ நேர் விகிதத்தில் செல்கிறது என்பது புலனாகிறது.

நாற்பது ஏன் கூடாது?

இதைக் கண்ட என் அறைத் தோழன், "அப்படியானால் நாற்பதில் வைத்துவிடேன். இன்னும் மிச்சமாகுமே!" என்றான். கேள்வி நியாயமானது. விடை திரையின் தாளத்தில் இருக்கிறது.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை மாறுகிறது. நடுவில் மாற அதற்கு வழியில்லை. நொடிக்கு 40 பிரேம் என்றால் ஒவ்வொரு படமும் 25 மில்லி நொடி நிற்க வேண்டும். 25 என்பது 16.7-இன் மடங்கன்று. எனவே ஒரு படம் 16.7 மில்லி நொடியும் அடுத்த படம் 33.3 மில்லி நொடியுமாக மாறி மாறி நிற்கும். சராசரி 40 என்று எண் காட்டினாலும், ஒரு கால் நீண்டு ஒரு கால் குறுகியவன் நடப்பது போன்ற தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியும். 50 என்று வைத்தாலும் இதே கதிதான்.

ஆகவே பிரேம் எல்லை, திரையின் வீதத்தை மீதமின்றி வகுப்பதாக இருக்க வேண்டும். 60 திரைக்கு 60 அல்லது 30. நொடிக்கு 120 முறை மாறும் திரை உடையோருக்கு 60, 40, 30 மூன்றும் பொருந்தும். 144 திரைக்கு 72, 48, 36 பொருந்தும். இத்தகைய வேகத் திரை வைத்திருப்போர் `Settings` பகுதியில் `System`, `Display`, `Advanced display` என்று சென்று திரையின் வீதத்தையே 60 ஆக்கிக்கொள்ளவும் இயலும். திரை அடிக்கடி மாறுவதற்கே தனியாக மின்சாரம் செலவாவதால் அதிலும் சிறிது மிஞ்சும்.

கடிகார வேகமும் மின்னழுத்தமும்

பிரேம் எல்லையோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பெரிய மிச்சம் இதற்கு அப்பால்தான் இருக்கிறது.

பிரேமை 60-இல் நிறுத்திய பின் செயலி என்ன செய்கிறது என்று பாருங்கள். 16.7 மில்லி நொடிக்குள் ஒரு படம் வரைய வேண்டும். செயலியோ உச்ச வேகத்தில் பாய்ந்து, பத்து மில்லி நொடியில் வேலையை முடித்துவிட்டு, எஞ்சிய நேரம் காத்திருக்கிறது. பேருந்து புறப்பட நேரம் இருக்கையில் மூச்சிரைக்க ஓடி நிலையத்தில் நிற்பவனைப் போன்றது இது. நடந்து வந்தாலும் அதே பேருந்தைப் பிடித்திருக்கலாம்.

ஓடுவதற்கும் நடப்பதற்கும் செலவில் என்ன வேறுபாடு? செயலியின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மாறும்போது செலவாகும் திறனுக்குப் பின்வரும் வாய்பாடு உண்டு:

```
P = C · V² · f
```

இதில் C மின்தேக்குத்திறன், V மின்னழுத்தம், f கடிகார அதிர்வெண். அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் திறன் குறையும். ஆனால் வேலை முடிய அதே அளவுக்குக் கூடுதல் நேரமாகும். ஆகவே ஒரு படத்துக்கான ஆற்றல் மாறாது. இலாபம் வருவது மின்னழுத்தத்தால். உச்ச வேகத்தில் தவறின்றி இயங்கச் செயலிக்கு மிகுந்த மின்னழுத்தம் தேவை. வேகம் குறைந்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். அது வாய்பாட்டில் இருமடியாக வருகிறது. விளக்கத்துக்காக, 3 கிகாஹெர்ட்சில் 1.2 வோல்ட்டும் 2 கிகாஹெர்ட்சில் 0.9 வோல்ட்டும் தேவை என்று கொள்வோம். மின்னழுத்தம் முக்கால் பங்காகிறது. முக்காலின் இருமடி 0.56. அதே படத்தை மெதுவாக வரைந்தால் ஏறக்குறைய 56 விழுக்காடு ஆற்றலே செலவாகும்.

செயலி தன் இயல்பு வேகத்துக்கு மேல் பாய்வதை டர்போ என்பர். பேட்டரியில் ஓடும்போது மட்டும் அதை நிறுத்த, நிர்வாக உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இவ்விரு வரிகளைக் கொடுக்க வேண்டும்:

```
powercfg /setdcvalueindex SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX 99
powercfg /setactive SCHEME_CURRENT
```

இதில் 99 என்பது செயலியின் உச்ச நிலை விழுக்காடு. நூறிலிருந்து ஒன்று குறைந்ததும் டர்போ நின்றுவிடுகிறது. `dc` என்பது பேட்டரி நிலையைக் குறிப்பதால் மின்செருகியில் இணைத்தவுடன் பழைய வேகம் தானே திரும்பும். முழுதாக மீட்க 99 என்ற இடத்தில் 100 என்று கொடுத்து இரு வரிகளையும் மீண்டும் இயக்கினால் போதும். பெரியதும் சிறியதுமான இருவகைக் கருக்கள் கொண்ட புதிய செயலிகளில் `PROCTHROTTLEMAX1` என்ற பெயருக்கும் இதே மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

இம்மாற்றத்துடன் மூன்றாம் சோதனை செய்தேன். அரை மணியில் இறங்கியது 22 விழுக்காடு. 15.8 வாட். பேட்டரி 136 நிமிடம் வரும். முழு வெளிச்ச அடிச்செலவைக் கழித்துப் பார்த்தால் விளையாட்டின் பங்கு 13 வாட்டிலிருந்து 7.9 வாட்டாக, அதாவது சுமார் 61 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. வாய்பாடு சொல்லும் போக்குக்கு இது ஒத்தே இருக்கிறது.

செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே சில்லில் இருக்கும் கணினிகளில் மற்றொரு நன்மையும் உண்டு. இரண்டும் ஒரே மின் எல்லையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. செயலி டர்போவில் பாய்ந்து தன் பங்குக்கு மேல் உண்டால் வரைகலைப் பகுதிக்குக் குறைவாகவே எஞ்சும். ஆகவே வரைகலைச் சுமை மிகுந்த விளையாட்டுகளில் டர்போவை நிறுத்தியதும் பிரேம் வீதம் குறைவதற்கு மாறாகச் சற்று ஏறுவதும் உண்டு. தனி வரைகலை அட்டை உடைய கணினிகளில் இந்தப் பங்கீடு இவ்வாறு அமைவதில்லை. அவர்கள் பிரேம் எல்லையையே முதன்மையாக நம்ப வேண்டும்.

எங்கே இடறுகிறது?

மூன்றாம் சோதனையில் ஒரு குறை தென்பட்டது. நின்ற இடத்தில் 60 பிரேம் அசையாமல் நின்றது. புதிய நிலப்பரப்புக்குள் ஓடும்போது மட்டும் எண் 52 வரை இறங்கிக் காட்சி இடறியது. விளையாட்டில் `F3` விசையைப் பிடித்துக்கொண்டு `2` அழுத்தினால் ஒவ்வொரு பிரேமுக்கும் எடுத்த நேரம் கோடுகளாக வரையப்படும். `60 FPS` என்ற எல்லைக் கோட்டுக்கு மேல் அவ்வப்போது உயர்ந்த முட்கள் எழுந்தன. ஒரு படம் 16.7 மில்லி நொடியைத் தாண்டி 18-இல் முடிந்தாலும், திரை அடுத்த முறை மாறும் 33.3 வரை அது காத்திருக்க நேரிடுகிறது. எனவே சராசரி எண்ணைவிட இம்முட்களே கவனிக்கத்தக்கவை.

இதற்குக் காரணம் காட்சித் தொலைவு. மைன்கிராப்டில் நிலம் 16 கட்டைக்கு 16 கட்டை கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தொலைவு 12 என்றால் நம்மைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 12 சதுரங்கள். நாம் நிற்கும் சதுரத்தையும் சேர்த்தால் 25 × 25, மொத்தம் 625. தொலைவை 8 ஆக்கினால் 17 × 17, அதாவது 289. தொலைவு மூன்றிலொரு பங்கு குறைய, வேலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. நடந்து செல்கையில் புதிதாக உருவாக்க வேண்டிய வரிசையும் 25 சதுரத்திலிருந்து 17 ஆகிறது.

நான்காம் சோதனையில் தொலைவை 8 ஆகவும் திரை வெளிச்சத்தைப் பாதியாகவும் வைத்தேன். முட்கள் மறைந்தன. 60 பிரேம் ஓடும்போதும் நிலைத்தது. அரை மணியில் இறங்கியது 18 விழுக்காடு. 13 வாட். பேட்டரி 167 நிமிடம் வரும். இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது வெளிச்சத்தால் மிஞ்சியது 3 விழுக்காடு, தொலைவால் மிஞ்சியது ஒன்றே. ஆகவே தொலைவைக் குறைப்பதன் பயன் மின்சாரத்தில் அன்று, ஓட்டத்தின் ஒழுங்கில்தான். டர்போ இல்லாத செயலிக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதே அதன் வேலை.

சில மெல்லிய மடிக்கணினிகளில் இயல்பு வேகம் மிகவும் குறைவாக இருக்கும். அவற்றில் டர்போவை நிறுத்தினால் தொலைவைக் குறைத்தும் முட்கள் அடங்கா. முன்கூட்டியே அறிய, `Task Manager` திறந்து `Performance` பகுதியில் `Base speed` என்ற எண்ணைப் பாருங்கள். அது ஒன்றரை கிகாஹெர்ட்சை ஒட்டியிருந்தால் உச்ச நிலையை 100-இலேயே விட்டுவிட்டு, `Power mode` என்பதை `Best power efficiency` ஆக்குவதே தக்கது. செயலி அப்போதும் தேவைக்கு ஏறும். ஆனால் தயங்கித் தயங்கி ஏறும்.

எங்கே நிறுத்துவது?

கடைசியாக, மற்ற அமைப்புகளை அப்படியே விட்டுப் பிரேம் எல்லையை மட்டும் 30 ஆக்கினேன். அரை மணியில் இறங்கியது 15 விழுக்காடு. அளவுகள் அனைத்தையும் ஒருங்கே காண்க:

| சோதனை | பிரேம் | அரை மணியில் இறக்கம் | முழுப் பேட்டரி |
|---|---|---|---|
| எல்லையின்றி | 95 | 40 விழுக்காடு | 75 நிமிடம் |
| எல்லை 60 | 60 | 29 விழுக்காடு | 103 நிமிடம் |
| டர்போ நிறுத்தம் | 52–60 | 22 விழுக்காடு | 136 நிமிடம் |
| தொலைவு 8, பாதி வெளிச்சம் | 60 | 18 விழுக்காடு | 167 நிமிடம் |
| எல்லை 30 | 30 | 15 விழுக்காடு | 200 நிமிடம் |

கடைசி வரியைக் கூர்ந்து நோக்குக. முதல் நான்கு வரிகளில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டத்தை இழக்காமலே 92 நிமிடம் பெற்றோம். ஐந்தாம் வரியில் பிரேம்களில் சரிபாதியை இழந்து பெற்றது 33 நிமிடம் மட்டுமே. காரணம் அடிச்செலவு. 13 வாட்டில் ஏறத்தாழ 5.8 வாட் திரைக்கும் நினைவகத்துக்கும் பிறவற்றுக்கும் செல்கிறது. பிரேமை எவ்வளவு குறைத்தாலும் அப்பகுதி அசையாது. மிஞ்சிய 7.2 வாட்டில்தான் நாம் கைவைக்க இயலும். அதிலும் ஏற்கெனவே பெரும்பகுதியை மிச்சப்படுத்திவிட்டோம். எனவே மின்செருகி கிடைக்கும் வாய்ப்பே இல்லாத நீண்ட பயணத்தில் மட்டுமே 30 என்ற எல்லையை நாடலாம். மற்ற நாட்களில் அதற்கு முந்தைய வரியில் நிற்பதே முறை.

முடிவுரை

நண்பர்கள் தத்தம் கணினியில் இவ்வரிசையையே பின்பற்றலாம். முதலில் அடிச்செலவை அளக்க வேண்டும். அடுத்துத் திரையின் வீதத்துக்குப் பொருந்தும் பிரேம் எல்லையை வைக்க வேண்டும். பின்னர் டர்போவை நிறுத்திப் பிரேம் நேரக் கோடுகளைப் பார்க்க வேண்டும். முட்கள் எழுந்தால் செயலியின் வேலையைக் குறைக்கும் ஓர் அமைப்பைத் தேடிக் குறைக்க வேண்டும். வேறு விளையாட்டுகளில் அது கூட்டத்தின் அளவாகவோ, நிழல்களின் தரமாகவோ இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை மணி அளந்து, குறித்துக்கொண்டால் எது உதவியது என்பது ஐயமறத் தெரியும். விழுக்காட்டு எண் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ காட்டக்கூடும் என்பதால், ஒரு விழுக்காடு வேறுபாட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் ஆகாது. என் கணினியில் ஒரு மணி நேர விளையாட்டுக்கு முன்பு பேட்டரியில் 80 விழுக்காடு செலவாயிற்று. இப்போது செலவாவது 36. மீதியுள்ள 64 விழுக்காட்டில் அன்றைய பதிவேடு முழுவதையும் எழுதி முடிக்கலாம்.